சௌமெய்ன் நூடுல்ஸ் கட்டிப்படாமல் மொறுமொறுப்பாக வர வேண்டுமானால்

கேள்வி: வீட்டில் சௌமெய்ன் செய்தால் நூடுல்ஸ் ஒன்றோடொன்று ஒட்டி உருண்டையாகிவிடுகிறது. தீயைக் கூட்டினால் கருகுகிறதே தவிர மொறுமொறுப்பாக வரவில்லை. எவ்வளவு நேரம் வேகவைக்க வேண்டும், எந்த அளவுக்கு உலர வேண்டும், தீ எப்படி இருக்க வேண்டும்?

சௌமெய்ன் என்ற பெயரில் பலவகை உணவுகள் வழங்குவதால், எதை மனத்தில் வைத்துச் சொல்கிறேன் என்பதை முதலில் தெளிவுபடுத்திவிடுகிறேன். ஹாங்காங்கில் காலை வேளையில் அரிசிக் கஞ்சியோடு சேர்த்து உண்ணப்படும் சோயா சாஸ் சௌமெய்ன் ஒன்று உண்டு. மெல்லிய முட்டை நூடுல்ஸ், பாசிப்பயறு முளை, வெங்காயத்தாள், சோயா சாஸ் ஆகியவற்றைத் தவிர அதில் பெரிதாக ஒன்றும் இருக்காது. ஒவ்வொரு இழையும் தனித்தனியாகவும், ஆங்காங்கே விளிம்பு முறுகியும் இருப்பதுதான் அதன் அழகு. மறைத்துக்கொள்ளக் குழம்போ இறைச்சியோ இல்லாததால், நூடுல்ஸில் நேரும் ஒவ்வொரு பிழையும் அதில் வெளிப்படையாகத் தெரியும். அந்த ஒன்று சரியாக வந்துவிட்டால் மற்ற வகைகளும் கைகூடும்.

நான் முதல் சில மாதங்கள் எல்லாக் குறையையும் அடுப்பின் மீதே சுமத்தினேன். உணவகங்களில் வாணலிக்கு மேலே எழும் தீயைப் பார்த்துவிட்டு, நம் வீட்டு அடுப்பில் அந்த வேகம் இல்லாததுதான் காரணம் என்று நம்பினேன். பிறகு ஒரு நாள் சமையல் தராசை எடுத்து, நூடுல்ஸை ஒவ்வொரு கட்டத்திலும் எடை போட்டுப் பார்த்தபோதுதான் குறை நூடுல்ஸோடு ஒட்டிக்கொண்டு வாணலிக்குள் போகும் தண்ணீரில் இருக்கிறது என்பது புரிந்தது.

150 கிராம் உலர்ந்த முட்டை நூடுல்ஸை வேகவைத்து, கழுவி, வடிதட்டில் ஐந்து நிமிடம் வடியவிட்ட பிறகு அது 345 கிராம் இருந்தது. அதையே பருத்தித் துணியில் பரப்பி, மின்விசிறிக்குக் கீழே 40 நிமிடம் வைத்தபின் 300 கிராமாகக் குறைந்தது. இடையில் போன 45 கிராமும் பெரும்பாலும் இழைகளின் மேற்பரப்பில் இருந்த ஈரம். அதைத் துணியும் காற்றும் வாங்கிக்கொள்ளாவிட்டால் அடுப்புதான் ஆவியாக்கி வெளியேற்ற வேண்டும். ஒரு கிராம் தண்ணீரைக் கொதிநிலையில் ஆவியாக்க ஏறக்குறைய 2,260 ஜூல் வெப்பம் வேண்டும். அறை வெப்பத்திலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவருவதற்கு ஆவதையும் சேர்த்தால், 45 கிராமுக்குச் சுமார் 1,15,000 ஜூல். வீட்டு அடுப்பிலிருந்து உணவுக்குள் போய்ச் சேருவது ஒரு கிலோவாட் என்று வைத்துக்கொண்டால், இந்த ஈரத்தைப் போக்குவதற்கு மட்டுமே ஏறத்தாழ இரண்டு நிமிடம் ஆகும். அந்த இரண்டு நிமிடமும் நூடுல்ஸ் வறுபடுவதில்லை, தன் ஆவியிலேயே மறுபடியும் வேகிறது. தண்ணீர் இருக்கும் வரை அந்த இடத்தின் வெப்பம் 100 பாகைக்கு மேலே ஏறாது. முறுகிச் சிவப்பதற்கோ 140 பாகைக்கு மேலே வேண்டும். மேற்பரப்பில் உள்ள மாவுச்சத்தும் அந்த ஈரத்தில் பசையாக மாறி இழைகளை ஒட்டவைத்துவிடுகிறது. ஆகவே கட்டிப்படுவதும் மொறுமொறுப்பு வராததும் ஒரே காரணத்தின் இரண்டு முகங்கள்தான்.

இனி வேகவைக்கும் நேரம். நூடுல்ஸ் வாணலியில் இரண்டாவது முறையாக வேகப்போகிறது என்பதால், தண்ணீரில் முழுவதும் வேகக் கூடாது. உலர்ந்த மெல்லிய முட்டை நூடுல்ஸ் பொட்டலத்தில் நான்கு நிமிடம் என்று எழுதியிருந்தால், நான் இரண்டரை நிமிடத்திலேயே ஓர் இழையை எடுத்துக் கடித்துப் பார்ப்பேன். வெளிப்புறம் மென்மையாகவும், கடித்த இடத்தின் நடுவில் ஊசிமுனை அளவுக்கு வெண்புள்ளியும் தெரிந்தால் அதுவே சரியான பதம். அந்தப் புள்ளி மறைந்த பிறகு எடுத்தால் இழை வாணலியில் உடையும். உலர்த்தாத புது நூடுல்ஸ் கிடைத்தால் 30 முதல் 60 நொடியே போதும். நம் கடைகளில் ஹக்கா நூடுல்ஸ் என்று விற்கப்படும் முட்டை சேராத வகை என் அனுபவத்தில் சீக்கிரமாகக் குழைகிறது. அதற்கு இன்னும் முன்னதாகவே கடித்துப் பார்க்கத் தொடங்குவது நல்லது. சீன முட்டை நூடுல்ஸின் மாவில் பொதுவாக அமிலத்துக்கு எதிர்த்தன்மையுள்ள காரப்பொருள் கலந்த நீர் சேர்ப்பார்கள்; அதன் மஞ்சள் நிறத்திலும் இழுபடும் தன்மையிலும் அதற்குப் பங்குண்டு.

தண்ணீரில் சிக்கனம் கூடாது. 150 கிராமுக்கு இரண்டரை லிட்டர் தண்ணீர் நன்றாகத் தளதளவென்று கொதிக்கும்போது நூடுல்ஸைப் போட்டு, முதல் அரை நிமிடத்துக்குள் இடுக்கியாலோ நீண்ட குச்சிகளாலோ கட்டுகளைப் பிரித்துவிட வேண்டும். அந்த நேரத்தில் பிரியாத கட்டு பின்னால் எப்போதுமே பிரியாது. பதம் வந்தவுடன் வடித்து, குளிர்ந்த நீரில் கையால் அலசி, கழுவும் நீர் தெளிவாக ஓடும் வரை கழுவ வேண்டும். இவ்வளவு சிரமப்பட்டு ஈரத்தைக் குறைக்கச் சொல்லிவிட்டு மறுபடியும் தண்ணீரில் நனைக்கச் சொல்கிறேனே என்று தோன்றலாம். மேலே ஒட்டியிருக்கும் மாவுச்சத்தைப் போக்குவதற்கு அதைத் தவிர வேறு எளிய வழி இல்லை. வேகுவதும் அங்கேயே நின்றுவிடும். நனைந்த ஈரம் துணியில் போய்விடும், படிந்த மாவுப்பசை போகாது.

உலர்த்துவதைப் பற்றி ஒன்றிரண்டு வார்த்தைகள் கூடுதலாகச் சொல்லத்தான் வேண்டும், ஏனெனில் பெரும்பாலோர் தவிர்த்துவிடும் கட்டம் இதுதான். வடிதட்டைப் பலமாக உதறிய பிறகு, சுத்தமான வேட்டித் துணியிலோ பழைய பருத்தித் துண்டிலோ நூடுல்ஸைக் குவிக்காமல் ஓர் அடுக்காகப் பரப்புங்கள். பத்து நிமிடம் கழித்து ஒரு முறை விரல்களால் கோதிப் புரட்டிவிடுங்கள். தொட்டால் விரலில் ஈரம் படக் கூடாது, ஆனால் இழை வளைந்துகொடுக்க வேண்டும். வளைத்தால் முறியுமானால் அளவுக்கு மீறி உலர்ந்துவிட்டது என்று பொருள். அவசரமில்லை என்றால் முந்தைய இரவே வேகவைத்து, உலர்ந்தபின் மூடாமல் தட்டில் பரப்பிக் குளிர்பதனப் பெட்டியில் வைப்பது இன்னும் சிறப்பு. குளிரில் மாவுச்சத்து இறுகுவதால் இழைகள் விறைப்பாகிவிடும். வேகவைத்த மாவுப் பண்டம் என்பதால் அறை வெப்பத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் விட்டுவைக்காதீர்கள்.

எண்ணெய் தடவி வைத்தால் ஒட்டாது என்று பலரும் சொல்வார்கள். அது உண்மைதான், ஆனால் வரிசை முக்கியம். ஈரமாக இருக்கும்போதே எண்ணெய் விட்டால் அது மேலே படலமாகப் படிந்து உள்ளிருக்கும் ஈரத்தை வெளியேற விடாது. பிறகு வாணலியில் போட்டதும் சடசடவென்று தெறிக்கும். உலர்ந்த பிறகு ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு விரல்களால் பிசிறினால் போதுமானது.

தீயைப் பற்றிய என் கருத்து பலருடைய கருத்துக்கு மாறானது. இரும்பு வாணலியை அல்லது அகலமான இரும்புக் கல்லை முழுத் தீயில் நன்றாகக் காயவிடுங்கள். ஒரு துளி நீர் விட்டால் அது பரவி ஆவியாகாமல் முத்துப்போல் உருண்டு ஓட வேண்டும். அதன்பின் இரண்டு மேசைக்கரண்டி கடலை எண்ணெய் விட்டுச் சுழற்றி, நூடுல்ஸை மெல்லிய அடையாகப் பரப்பியவுடன் தீயை நடுத்தரத்துக்குச் சற்று மேலே குறைத்துவிடுவேன். முழுத் தீயிலேயே விட்டால் அடியில் உள்ள இழை கருகிவிடும், நடுவில் உள்ள ஈரம் போவதற்குள் எடுத்துவிட வேண்டிவரும்; நீங்கள் சொல்லும் கருகலும் இதுவாகத்தான் இருக்கும். மிகவும் குறைத்துவிட்டாலோ இழைகள் எண்ணெயைக் குடித்துக் கனத்துப்போகும்.

பரப்பிய பிறகு இரண்டரை முதல் மூன்று நிமிடம் வரை கையை வைக்கவே கூடாது. கிளறும் ஆசையை அடக்குவது கடினம்தான். அடி முறுகாத நிலையில் கரண்டி போட்டால் இழைகள் அறுந்து, அந்த முனைகளிலிருந்து மாவு வெளிவந்து மறுபடியும் ஒட்டும். எப்போது திருப்புவது என்பதைக் காதே சொல்லிவிடும்: முதலில் ஈரம் போகும் ‘உஸ்ஸ்’ என்ற தொடர் ஓசையும் வெண்மையான ஆவியும் இருக்கும், பிறகு ஆவி மெலிந்து ஓசை விட்டுவிட்டுப் பொரியும் சத்தமாக மாறும். அப்போது வாணலியை அசைத்தால் அடை முழுவதும் வழுக்கி நகரும். நகரவில்லை என்றால் இன்னும் அரை நிமிடம் பொறுத்திருங்கள். தோசைத் திருப்பியால் இரண்டு மூன்று பகுதிகளாகத் திருப்பிப் போட்டு, ஓரமாக இன்னும் சிறிது எண்ணெய் விட்டு, மறுபக்கத்தை இரண்டு நிமிடம் விட்டால் போதும். பின்னர் இடுக்கியால் தூக்கி உதறினால் இழைகள் தாமாகவே பிரியும்.

காய்களை நூடுல்ஸோடு சேர்த்து வதக்கக் கூடாது. பயறு முளை தண்ணீர் விடும் என்பதால், அதை முன்னதாகவே முழுத் தீயில் 30 நொடி புரட்டித் தனியே எடுத்துவைத்திருந்து, கடைசியில்தான் சேர்க்க வேண்டும். சாஸும் அப்படியே. 150 கிராம் நூடுல்ஸுக்கு வெளிர் சோயா சாஸ் இரண்டு தேக்கரண்டி, கரிய சோயா சாஸ் ஒரு தேக்கரண்டி, சர்க்கரை அரைத் தேக்கரண்டி ஆகியவற்றை முன்கூட்டியே கலந்து வைத்துக்கொண்டு, தீயை மறுபடியும் முழுவதும் கூட்டி, நூடுல்ஸின் மேல் ஊற்றாமல் வாணலியின் சூடான ஓரத்தில் வளையமாக விட வேண்டும். அங்கே பட்டவுடன் அதன் தண்ணீர் பறந்துவிடும், மணமும் நிறமும் மட்டும் நூடுல்ஸில் ஏறும். இதற்கு மேல் ஒரு கரண்டி சாஸ் கூடினாலும், உலர்த்திப் போக்கிய ஈரத்தில் ஒரு பங்கை நாமே திருப்பிக் கொடுத்ததாகிவிடும். முளையையும் வெங்காயத்தாளையும் போட்டு அரை நிமிடம் உதறி இறக்கிவிடலாம்.

இந்தக் கணக்கு முழுவதும் இரண்டு பேருக்கான அளவை வைத்துச் சொன்னது. நான்கு பேருக்கு என்றால் நூடுல்ஸை இரட்டிப்பாக்கி ஒரே வாணலியில் போடாதீர்கள். அடை தடித்துவிட்டால் மேலே சொன்ன எதுவும் பலிக்காது. இரண்டு ஈடாகச் செய்து, முதல் ஈட்டைக் கம்பித் தட்டின் மேல் மூடாமல் வையுங்கள். மூடி போட்டால் அதன் ஆவியே அடிப்பக்கம் வழிந்து பத்தே நிமிடத்தில் எல்லாவற்றையும் தொய்ய வைத்துவிடும்.