எங்கே நிறுத்துவது, எங்கே தொடங்குவது? நீண்ட காணொளியைப் பகுதிகளாக வெட்டுவது பற்றிய கேள்விகள்

எங்கள் தோட்டத்துப் பழைய கிணற்றைத் தூர்வாரியதை 72 நிமிடக் காணொளியாகத் தொகுத்தேன். நீளம் என்பதால் 12 நிமிடத்துக்கு ஒன்றாக ஆறு பகுதிகளாக வெட்டி யூடியூபில் போட்டேன். முதல் பகுதியைப் பார்த்தவர்கள் இரண்டாவதற்கு வரவில்லை. எங்கே தவறு? – வாசகர், கரூர்

நீங்கள் அனுப்பிய முழுக் காணொளியையும் பார்த்தேன். பொருளில் குறை இல்லை. கடிகாரத்தைப் பார்த்து வெட்டியதுதான் தவறு.

முதல் பகுதி சரியாக 12:00 மணித்துளியில் முடிகிறது. அப்போது திரையில் என்ன நடக்கிறது? மோட்டார் தண்ணீரை இறைத்துக்கொண்டிருக்கிறது, இரண்டு பேர் தேநீர் குடிக்கிறார்கள். அடுத்து என்ன ஆகும் என்று கேட்க அங்கே எதுவுமே இல்லை. 50 நொடி கழித்து, 12:50-இல், மோட்டார் ஓடுகிறது, ஆனால் குழாயில் தண்ணீர் வருவது நின்றுவிடுகிறது. உங்கள் தம்பி குழாய் வாயில் கையை வைத்துப் பார்த்துவிட்டு எல்லோரையும் திரும்பிப் பார்க்கிறார். பகுதி முடிய வேண்டிய இடம் அதுதான். நீங்கள் அதை இரண்டாம் பகுதிக்குள் புதைத்துவிட்டீர்கள்.

வெட்டுவதற்கு முன் ஒரு தாளை எடுத்து இரண்டு பத்திகளாகக் கோடு போடுங்கள். இடப்பக்கம், ஒரு கேள்வி பிறக்கும் நேரம். வலப்பக்கம், அதற்குப் பதில் கிடைக்கும் நேரம். உங்கள் காணொளிக்கு நான் எழுதியது இது. ஈசானிய மூலையில் வற்றாத ஊற்று இருந்ததாகத் தாத்தா சொல்கிறார், 2:10. ஊற்று கண் திறப்பது 66:00. தண்ணீர் வரவில்லை, 12:50. ஃபுட்வால்வில் சேறு அடைத்தது தெரிந்து சரிசெய்வது 17:20. மேற்குப் பக்கக் கல்கட்டு பிதுங்கி நிற்கிறது, கீழே இறங்கலாமா வேண்டாமா, 31:40. முட்டுக் கொடுத்துத் தொடர்வது 38:00. சேற்றுக்குள் கடப்பாரை எதிலோ படும் உலோக ஒலி, 47:50. பித்தளைக் குடம் வெளிவருவது 49:30.

இதைப் பார்த்தாலே வெட்டும் இடங்கள் தெரிந்துவிடும். கேள்வி முழுதாகப் பிறந்து, பார்ப்பவர் மனத்தில் பதிந்து, பதில் தொடங்குவதற்கு முன் வெட்ட வேண்டும். முதல் பகுதி 13:05 வரை, இரண்டாவது 32:20 வரை, மூன்றாவது 48:10 வரை, மீதி எல்லாம் நான்காவது. நீளங்கள் சமமாக வராது; கடைசிப் பகுதி மட்டும் ஏறக்குறைய 24 நிமிடம். அதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். 60-ஆம் நிமிடத்தில் இன்னொரு முறை வெட்டலாமா என்று யோசித்துவிட்டு வேண்டாம் என்று முடிவு செய்தேன். குடம் கிடைத்த பிறகு ஊற்றைத் தவிர வேறு கேள்வி எதுவும் திறந்திருக்கவில்லை. அந்த ஓட்டத்தை உடைத்தால் பார்ப்பவருக்குக் கிடைப்பது காத்திருப்பு மட்டுமே.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஒவ்வொரு பகுதிக்குள்ளும் குறைந்தது ஒரு கேள்விக்குப் பதில் கிடைக்க வேண்டும். இரண்டாம் பகுதியில் மோட்டார் சரியாகிறது, மூன்றாவதில் சுவர் நிற்கிறது. ஆனால் முதல் பகுதியில் எதுவும் முடியவில்லை. கிணற்றின் ஆழத்தைக் கயிறு விட்டு அளக்கும் காட்சியை நீங்கள் நீக்கிவிட்டதாக எழுதியிருந்தீர்கள். அதை முதல் பகுதியில் சேருங்கள். எவ்வளவு ஆழம் என்பதும் ஒரு கேள்விதான். அதற்கான பதில் அங்கேயே கிடைத்துவிடும்.

ஒவ்வொரு பகுதியின் தொடக்கத்திலும் முன்கதைச் சுருக்கம் போடுகிறேன். அது ஒன்றரை நிமிடம் ஆகிறது. குறைக்கவா, எடுத்துவிடவா? – வாசகி, மதுரை

எடுக்க வேண்டாம், குறையுங்கள். பத்துப் பதினைந்து நொடி போதும்.

ஒன்றரை நிமிடம் ஆவதற்குக் காரணம், நடந்தது எல்லாவற்றையும் சொல்ல முயல்வது. வார இதழ்த் தொடர்கதைகளில் முன்கதைச் சுருக்கம் படித்து வளர்ந்தவர்களுக்கு இந்தப் பழக்கம் எளிதில் வரும். ஆனால் இதழ் வாசகர் ஒரு வாரம் காத்திருந்து வருகிறார். காணொளி பார்ப்பவர்களில் பலர் முந்தைய பகுதியை இரண்டு நிமிடம் முன்புதான் முடித்திருப்பார்கள். அவர்களுக்கு ஒன்றரை நிமிடம் தண்டனை.

மேலே சொன்ன தாளையே எடுங்கள். முடிந்த கேள்விகள் சுருக்கத்தில் வரவே கூடாது. இன்னும் திறந்திருப்பவை மட்டும் வர வேண்டும். கிணற்றுக் காணொளியின் மூன்றாம் பகுதியையே எடுத்துக்கொள்வோம். மோட்டார் பழுது முடிந்த கதை, அதற்கு அங்கே இடமில்லை. தாத்தா மூலையைக் கைகாட்டி ஊற்றைப் பற்றிச் சொல்வது ஐந்து நொடி, பிதுங்கிய கல்கட்டு நான்கு நொடி, மேலே நிற்பவர்கள் இறங்க வேண்டாம் என்று கத்துவது மூன்று நொடி. மொத்தம் பன்னிரண்டு. இதிலேயே புதியவருக்கும் கதை புரிந்துவிடும்: ஊற்றைத் தேடுகிறார்கள், சுவர் ஆபத்தில் இருக்கிறது.

புதிதாகக் குரல் பதிவு செய்து விளக்காதீர்கள். பழைய காட்சியில் இருப்பவரின் சொந்தக் குரலே பேசட்டும். ‘வணக்கம் நண்பர்களே’ என்ற முன்னுரை முதல் பகுதிக்கு மட்டும் போதும்.

பகுதியின் கடைசியில் பரபரப்பாக நிறுத்துகிறேன். ஆனாலும் அடுத்த பகுதிக்கு யாரும் போவதில்லை. – வாசகர், திருச்சி

நீங்கள் நிறுத்தியபின் என்ன வருகிறது என்று பார்த்தேன். நன்றி சொல்கிறீர்கள், விருப்பக் குறி கேட்கிறீர்கள், அலைவரிசையில் சேரச் சொல்கிறீர்கள், பிறகு இசையோடு சின்னம். மொத்தம் 40 நொடி. நன்றி என்ற சொல்லைக் கேட்டதும் காணொளி முடிந்தது என்று கை வெளியே போய்விடும். நீங்கள் மூட்டிய ஆவலை நீங்களே அணைத்துவிடுகிறீர்கள்.

கேள்வி பிறந்த காட்சியோடு பேச்சை நிறுத்துங்கள். அதன்பின் தகவல் எதுவும் இல்லாத ஒரே ஒரு காட்சி, எட்டு அல்லது பத்து நொடி, அந்த இடத்தின் இயல்பான ஒலியோடு ஓடட்டும். கிணற்றுக்கு என்றால் மேலிருந்து தெரியும் இருண்ட வாயும், கயிறு உரசும் சத்தமும். அதன் மேல் ‘தொடரும்’ என்ற சொல், பக்கத்தில் அடுத்த பகுதிக்கான எண்ட் ஸ்கிரீன் பெட்டி. யூடியூபில் எண்ட் ஸ்கிரீனைக் கடைசி 5 முதல் 20 நொடிக்குள் வைக்கலாம். அந்தப் பெட்டி படத்தை மறைக்கும் என்பதால்தான் தகவல் இல்லாத காட்சி வேண்டும் என்கிறேன்.

பலர் மறப்பது ஒன்று உண்டு. முதல் பகுதி வெளியாகும் நாளில் இரண்டாவது இன்னும் வெளிவந்திருக்காது. அப்போது பெட்டியில் பிளேலிஸ்ட்டை வையுங்கள். இரண்டாவது வெளியானதும் முதல் பகுதிக்குத் திரும்பிச் சென்று பெட்டியை மாற்றுங்கள். இந்த ஐந்து நிமிட வேலையைச் செய்யாமல் விட்ட தொடர்கள் ஏராளம்.

பரபரப்பு என்பதிலும் ஓர் எச்சரிக்கை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தேர்த் திருவிழாக் காணொளியை வெட்டினேன். தேர் வளைவில் திரும்பும்போது கூட்டத்திலிருந்து ஒரு அலறல் கேட்டது. அங்கே நிறுத்தினேன். அடுத்த பகுதியில் தெரிந்தது, யாரோ ஒருவரின் செருப்பு வடத்தில் சிக்கியது மட்டும்தான். வந்து பார்த்தவர்கள் ஏமாந்தார்கள், மூன்றாம் பகுதிக்கு வரவில்லை. அந்தக் கோபம் நியாயமானது. பதில் சிறியது என்றால் அங்கே வெட்டக் கூடாது. பதில் பெரியது என்றாலும் அடுத்த பகுதியின் முதல் ஐந்தாறு நிமிடத்துக்குள் அதைக் கொடுத்துவிட வேண்டும். கரூர் வாசகரின் குடம் இதற்கு நல்ல உதாரணம். ஒலி கேட்ட 1 நிமிடம் 40 நொடியில் குடம் வெளியே வருகிறது. தாத்தா அதன் விளிம்பில் ஒட்டிய சேற்றைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு எதுவும் பேசாமல் மடியில் வைத்துக்கொள்கிறார். காத்திருந்ததற்கு அது ஈடாகிறது.

தலைப்பில் எண்ணை எங்கே போடுவது? – வாசகர், யாழ்ப்பாணம்

கடைசியில். ‘கிணறு தூர்வாரல் பகுதி 3’ என்று மட்டும் எழுதினால், முதல் இரண்டைப் பார்க்காதவர் தனக்கு இல்லை என்று கடந்துவிடுவார். யூடியூப் பகுதிகளை வரிசையாகப் பரிந்துரைப்பதில்லை. மூன்றாவதையே ஒருவர் முதலில் காணலாம். ‘பிதுங்கிய கல்கட்டு: கிணற்றில் இறங்கலாமா? (3/4)’ என்றால் கதை முன்னால் நிற்கிறது. நான்கில் மூன்று என்பதால் தொடர் முடியக்கூடியது என்றும் தெரிகிறது. முகப்புப் படத்திலும் எண் வேண்டும்; வலது கீழ் மூலையில் மட்டும் வேண்டாம், அங்கே காணொளியின் நீளம் வந்து மறைத்துவிடும். பிளேலிஸ்ட்டின் வரிசையையும் ஒரு முறை சரிபாருங்கள். புதியது மேலே சேரும்படி அமைப்பு இருந்தால் நான்காம் பகுதி முதலில் ஓடும்.

முழுக் காணொளியை ஏற்கெனவே ஒரே கோப்பாக ஏற்றுமதி செய்துவிட்டேன். அதையே வெட்டலாமா? வெட்டினால் தொடக்கத்தில் படம் உறைந்து ஒலி மட்டும் ஓடுகிறது. – வாசகி, கோயம்புத்தூர்

மறுகுறியாக்கம் செய்யாமல், அதாவது படத்தைப் புதிதாக உருவாக்காமல் இருந்தபடியே நகலெடுத்து, வெட்டியிருக்கிறீர்கள். அப்படி வெட்டும்போது முழுப் படமாகச் சேமிக்கப்பட்ட ‘கீஃபிரேம்’ இருக்கும் இடத்தில்தான் சுத்தமாகத் தொடங்க முடியும். நீங்கள் கேட்ட நொடி இரண்டு கீஃபிரேம்களுக்கு நடுவில் விழுந்தால் படம் உறையும், அல்லது சில நொடி முன்னதாகவே தொடங்கும். சற்று நேரம் எடுத்தாலும் மறுகுறியாக்கம் செய்து வெட்டுங்கள். கிணற்றுக் காணொளியின் இரண்டாம் பகுதியை ffmpeg என்ற மென்பொருளில் வெட்டும் கட்டளை இது:

```
ffmpeg -ss 00:13:05 -to 00:32:20 -i kinaru.mp4 -c:v libx264 -crf 18 -c:a aac pagudhi2.mp4
```

ஆனால் பின்னணி இசை கலந்துவிட்ட கோப்பு என்றால் இது போதாது. இசையின் நடுவில் வெட்டு விழுந்தால் காதுக்கு உடனே தெரியும். எடிட்டிங் மென்பொருளில், இசை தனித் தடமாக இருக்கும் பழைய திட்டக் கோப்பைத் திறந்து, வெட்டும் இடத்துக்கு முன்பே இசையை முடித்துவிட்டு, இயல்பு ஒலியோடு நிறுத்துங்கள்.

முதல் பகுதியைவிட இரண்டாவதற்குப் பார்வைகள் பாதியாகிவிட்டன. தொடரை நிறுத்திவிடலாமா? – வாசகர், சேலம்

முதலாவதற்கும் இரண்டாவதற்கும் இடையே சரிவு எப்போதும் இருக்கும். தற்செயலாக வந்தவர்கள் அங்கே உதிர்கிறார்கள். இரண்டிலிருந்து மூன்று, மூன்றிலிருந்து நான்கு எப்படி என்று பாருங்கள். அங்கேயும் பாதி பாதியாகக் குறைந்தால்தான் வெட்டிய இடங்களைச் சந்தேகிக்க வேண்டும்.

யூடியூப் ஸ்டூடியோவில் பார்வையாளர் தக்கவைப்பு வரைபடம் இருக்கிறது. தொடக்கத்தில் கோடு செங்குத்தாக விழுந்து, சுருக்கம் முடியும் நொடியில் சிறிதாக மேலே எழுந்தால், பலர் சுருக்கத்தைத் தாண்டிக் குதிக்கிறார்கள் என்று பொருள், இன்னும் குறையுங்கள். கடைசி நிமிடத்தில் கோடு நழுவத் தொடங்கும் நொடியைக் குறித்துக்கொண்டு அங்கே என்ன பேசுகிறீர்கள் என்று கேளுங்கள். பிறகு இரண்டாம் பகுதிக்குப் பார்வையாளர் எங்கிருந்து வந்தார்கள் என்ற பட்டியலைத் திறந்து, எண்ட் ஸ்கிரீன், பிளேலிஸ்ட் ஆகிய இரண்டு வரிகளைப் பாருங்கள். அவை இரண்டும் வெறுமையாக இருந்தால் தொடரை நிறுத்த வேண்டியதில்லை. முதல் பகுதியின் கடைசி 20 நொடியைத் திருத்தி, பெட்டி சரியான காணொளிக்குப் போகிறதா என்று கைப்பேசியில் தொட்டுப் பாருங்கள்.