‘ஆங்கே’ என்றால் பரீட்சைக்குப் பிறகா?

கேள்வி: எங்கள் குடியிருப்பில் ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஞாயிறுதோறும் குறள் சொல்லித் தருகிறேன். ‘உடுக்கை இழந்தவன் கைபோல’ குறளை இந்தக் காலத்துத் தமிழில் எப்படி விளக்குவது? ‘ஆபத்தில் உதவுபவனே நண்பன்’ என்றால் கொட்டாவி விடுகிறார்கள். என் மகளுக்கும் இதில் மனமில்லை. தோழியின் அப்பா ஆஸ்பத்திரியில் இருக்கிறார், பார்க்கப் போகணும் என்றாள். பரீட்சை முடியட்டும் என்றேன். அதிலிருந்து முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாள்.
— ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: உங்கள் மகளுக்குக் குறளில் மனமில்லை என்று யார் சொன்னது? அந்த வகுப்பில் இந்தக் குறள் புரிந்த ஒரே ஆள் அவள்தான் போலிருக்கிறது.

உடுக்கை இழந்தவன் கைபோல ஆங்கே
இடுக்கண் களைவதாம் நட்பு.

சீர்களை எண்ணுங்கள். ஏழில் நடுவே நிற்பது ‘ஆங்கே’. அப்பொழுதே என்று பொருள். நீங்கள் சொல்லித்தரும் ‘ஆபத்தில் உதவுபவனே நண்பன்’ என்ற வாக்கியத்தில் அந்தச் சொல் எங்கே? கையும் இல்லை, ஆங்கேயும் இல்லை. இரண்டையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஆட்டோவின் பின்பக்கத்தில் எழுதுகிற வாசகம். பிள்ளைகள் கொட்டாவி விடாமல் என்ன செய்வார்கள்?

முதலில் உடுக்கை என்றால் என்ன என்று கேளுங்கள். பாதிப் பேர் பூசாரி அடிக்கிற உடுக்கை என்பார்கள். இங்கே அது உடுத்துகிற துணி. அடுத்து, அந்தக் கை யாருடையது என்று கேளுங்கள். ‘துணி இல்லாதவனுக்கு நண்பன் கைகொடுப்பது’ என்று பல நோட்டுகளில் எழுதியிருக்கும். தப்பு. அது துணி நழுவியவனுடைய சொந்தக் கை. வள்ளுவர் நண்பனை வெளியிலிருந்து உதவ வரும் இன்னொருவனாகக் காட்டவில்லை, உடம்பின் ஓர் உறுப்பாகவே காட்டுகிறார். ‘இழந்தவன்’ என்பதையும் துணியே இல்லாத ஏழை என்று கொள்ள வேண்டாம். சபை நடுவே ஆடை குலைந்தவன் என்கிறார் பரிமேலழகர். மானம் காக்கும் வேளையில் கை மனத்தையும் முந்திக்கொள்ளும் என்று அவர் சொல்வதில்தான் உவமையின் உயிர் இருக்கிறது.

உரைநடையில் இவ்வளவு போதும்:

“நாலு பேர் நடுவில் நிற்கும்போது வேட்டி அவிழ்கிறது. பிடி என்று கைக்கு யாரும் சொல்வதில்லை. நாம் நினைப்பதற்குள் அது போய்ப் பிடித்துவிடுகிறது. நண்பனுக்குத் துன்பம் வந்தால் அந்தக் கையைப் போல அப்பொழுதே போய் அதை நீக்குவதுதான் நட்பு.”

வேட்டி என்றதும் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். பிறகு அவர்கள் பள்ளிக்கூடத்துக்கு வாருங்கள். வகுப்பு முடிந்து எழும் ஒரு பெண்ணின் சீருடையில் கறை. அவளுக்கே தெரியாது. பின்னால் இருந்த தோழி ஒன்றும் பேசாமல் ஒட்டி நடந்து, பையால் மறைத்துக்கொண்டே கூட்டிப் போகிறாள். இதைச் சொன்னால் ஒருவரும் சிரிக்க மாட்டார்கள். ‘அவள் கேட்டாளா? இவள் எவ்வளவு நேரம் யோசித்தாள்? அடுத்த நாள் வந்து துணை நின்றிருந்தால் என்ன பயன்?’ என்று மூன்றே கேள்வி கேளுங்கள். ‘ஆங்கே’யின் பொருளைப் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். அதற்குப் பிறகு பலகையில் குறளை எழுதுங்கள். குறளை முதலில் எழுதிவிட்டுப் பொருள் சொன்னால் அது மனப்பாடப் பகுதியாகிவிடும். ‘போல’ வெளிப்படையாக நிற்பதால் இது உவமையணி. தேர்வுக்கு அது வேண்டும், ஒரு வரியில் சொல்லிவிட்டு நகருங்கள்.

இனி உங்கள் வீட்டுக்கு வருகிறேன். அவிழ்ந்த வேட்டியிடம் ‘பரீட்சை முடியட்டும்’ என்று எந்தக் கையாவது சொல்லுமா? மகள் போகத்தான் கேட்டாள். தடுத்தது நீங்கள். பெண்ணின் மார்க்கைக் காப்பது மட்டும்தான் தாயின் கடமை என்று நான் நினைக்கவில்லை. துக்கமும் நோயும் உள்ள வீட்டு வாசலை எப்படி மிதிப்பது என்பதைப் பிள்ளை பெற்றவர்களிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும், அதற்கு ஞாயிற்றுக்கிழமை வகுப்பு கிடையாது.

பத்தாம் வகுப்புப் பெண்ணால் என்ன களைய முடியும் என்பீர்கள். அடுத்த குறளிலேயே ‘ஒல்லும்வாய் ஊன்றும் நிலை’ என்கிறார் வள்ளுவர். முடிந்த வழியிலெல்லாம் தாங்கி நிற்பது. நோயைத் தீர்ப்பது உங்கள் மகள் வேலை இல்லை. அந்தப் பெண்ணுக்கும் அதே பரீட்சைதானே? விட்டுப்போன பாடங்களின் நோட்டை நகல் எடுத்துக் கொடுக்கலாம். ஆஸ்பத்திரியில் அவளோடு ஒரு மணி நேரம் உட்காரலாம். அந்த நேரத்தில் அவளுடைய அம்மா வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வருவார். பார்வையாளர் நேரம் எப்போது என்று விசாரித்து, இன்று சாயங்காலமே நீங்கள் கூடப் போங்கள். ஒரு தூக்கில் ரசம் சாதமும் எடுத்துக்கொள்ளுங்கள்.