கச்சான் ஒவ்வாமை உள்ள பிள்ளையோடு சுற்றுலா: எங்கே போவது, சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

கேள்வி: "மகனுக்கு 8 வயது, கச்சான் கொஞ்சம் பட்டாலே மூச்சு இழுக்கும். கிளிநொச்சியில் இருந்து பள்ளி விடுமுறைக்கு நாலு நாள் எங்கேயாவது போக ஆசை. நுவரெலியா சரிவருமா? சாப்பாட்டுக்கு என்ன செய்கிறீர்கள்?"

எங்கள் மகளுக்கும் இதே பிரச்சினைதான். நாங்களும் முதலில் நுவரெலியாதான் யோசித்தோம், பிறகு விட்டுவிட்டோம். குளிருக்காக இல்லை. போக ஒரு முழுப் பகல், வர ஒரு முழுப் பகல், வழியில் எத்தனை கடையில் வானை நிறுத்தவேண்டி வரும் என்று எண்ணிப் பார்த்தோம், அவ்வளவுதான். இப்போது இடம் தேடும்போது மூன்றே விஷயம்தான் பார்ப்போம்: வழியில் ஒரு நேரத்துக்கு மேல் சாப்பிடத் தேவையில்லாத தூரம், நாங்களே சமைக்கக் குசினி உள்ள வீடு, அரை மணித்தியாலத்துக்குள் பெரிய ஆஸ்பத்திரி.

அப்படிப் பார்த்துத்தான் போன வருடம் நிலாவெளி போனோம். வவுனியா, ஹொரவப்பொத்தானை வழியாகப் பாதை, நிலாவெளியில் இருந்து திருகோணமலை ஆஸ்பத்திரி பதினைந்து கிலோமீற்றர் அளவில். கடற்கரை ஹோட்டல் வேண்டாம் என்று குசினியோடு ஒரு சின்ன வீடு எடுத்தோம். மூன்று இரவுக்குக் கணக்குப் போட்டால் பத்து நேரச் சாப்பாடு. போகும்போதும் வரும்போதும் மதியத்துக்கு வாழையிலையில் கட்டிய புளிச்சோறு, ஆறு நேரம் அந்த வீட்டில் சமையல், கடையில் இரண்டே நேரம். பத்து நேரமும் பயப்படுவதை விட இரண்டு நேரம் நன்றாக விசாரித்துச் சாப்பிடுவது லேசு. ரைஸ் குக்கர், ஒரு தாச்சி, அகப்பை, துருவலை, மிளகாய்த்தூள் எல்லாம் வீட்டில் இருந்தே கொண்டுபோனோம். வாடகை வீட்டு மிக்ஸி ஜாரில் முன்பு வந்தவர் என்ன அரைத்தார் என்று யாருக்குத் தெரியும்?

கடையில் "கச்சான் போட்டிருக்கா?" என்று மட்டும் கேட்காதீர்கள். எங்களுக்கு அடி விழுந்ததே அந்தக் கேள்வியால்தான். ஒரு பஸ் நிலையத்தடிக் கடையில் உழுந்து வடை, கேட்டோம், இல்லை என்றார்கள், அது உண்மையும்தான். ஆனால் காலையில் அதே தாச்சியில் கச்சான் போட்ட மிக்சர் பொரித்திருக்கிறார்கள். எண்ணெய் எவ்வளவு கொதித்தாலும் கச்சானின் புரதம் அதில் கிடக்கும். பத்து நிமிடத்தில் உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடிப்பு, சத்தி. அதனால் இப்போது கேட்பது "இந்த எண்ணெயில் வேறு என்ன பொரித்தீர்கள்?" என்று, அதுவும் மேசைக்கு வருபவரிடம் இல்லை, சமைப்பவரிடம். பதினொன்றரைக்கே போய்விடுங்கள், கூட்ட நேரத்தில் அவருக்குப் பதில் சொல்ல நேரம் இருக்காது. பொரியலும் கொத்தும் எங்களுக்கு முற்றாக இல்லை, கொத்து ரொட்டிக் கல்லில் எல்லாருடைய சாப்பாடும் கலக்கும். வெள்ளைச் சோறு, பருப்பு, மீன் குழம்பு போதும்.

பெயரும் ஒரு பொறி. நம் ஊரில் கச்சான் என்றால் தெரியும் (காற்றுக்கும் அதே பெயர் வைத்தவர்களாயிற்றே), இந்தியாவில் வேர்க்கடலை என்பார்கள், வெறும் கடலை என்று கேட்டால் இங்கே கொண்டைக்கடலையைத்தான் நினைப்பார்கள். சிங்களத்தில் 'கஜு' என்றால் மரமுந்திரி, 'ரட்டகஜு'தான் கச்சான். "கஜு இருக்கா?" என்று கேட்டு "நே" என்ற பதிலோடு நிம்மதியாகச் சாப்பிட உட்கார்ந்தால் போச்சு. தெரிந்த ஒருவரைக் கொண்டு இரண்டு பெயரையும் சிங்களத்தில் ஒரு மட்டையில் எழுதி வைத்திருங்கள், சமையல்காரர் வாசிக்கட்டும்.

பஸ்ஸில் போவதென்றால் இருக்கையில் கச்சான் கோது கிடக்கும். மணம் பட்டதற்காகப் பதறவேண்டாம், கையில் பட்டு வாய்க்குப் போவதுதான் ஆபத்து. ஜெல் பூசினால் அது போகாது, சோப்பும் தண்ணீரும் அல்லது ஈரத் துடைப்பான் வேண்டும்.

அட்ரினலின் ஊசி டொக்டர் தந்திருந்தால் பிள்ளை போகும் இடமெல்லாம் அதுவும் போகவேண்டும், வெயிலில் நிற்கும் வானில் விடக்கூடாது, குளிர்சாதனப் பெட்டியிலும் வேண்டாம். தரவில்லை என்றால் பயணத்துக்கு முன் கிளினிக்கில் கேளுங்கள். மூச்சு இழுத்தால், குரல் கம்மினால், தலைசுற்றிச் சோர்ந்தால் அலர்ஜிக் குளிசையைக் கொடுத்துப் பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள். முதலில் தொடையின் வெளிப்பக்கம் ஊசி, உடனே 1990 அம்புலன்சுக்கு அழைப்பு. பிள்ளையை எழுப்பி நடக்க விடாதீர்கள், படுக்க வையுங்கள், மூச்சு கஷ்டம் என்றால் மட்டும் இருத்தி வைக்கலாம். ஐந்து நிமிடத்தில் குறையவில்லை என்றால் இரண்டாவது ஊசி போடலாம், அதனால் இரண்டு கொண்டுபோங்கள். குறைந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் வேண்டும், சில மணித்தியாலம் கழித்து ஒவ்வாமை திரும்பவும் கிளம்பலாம்.

அப்புறம், கடற்கரையில் பிள்ளை ஐஸ்கிரீம் கேட்கும். கிண்ணத்தில் அள்ளித் தருவது வேண்டாம், கச்சான் தூவியதற்கும் வெறும் வனிலாவுக்கும் ஒரே கரண்டிதான், நடுவில் ஒரு முக்கு தண்ணீரில். மூடி ஒட்டிய கப் வாங்கி, லேபிளைப் படித்துவிட்டுக் கொடுங்கள்.