மின்வாரியக் கடிதத்தில் "நம்ம பட்டறை"

கேள்வி: கப்பலூரில் ஒரு பட்டறையில் கணக்கு எழுதுகிறேன். "மீட்டர் எரிஞ்சு போச்சு, பத்து நாளா யாரும் வந்து பாக்கல, நம்ம பட்டறைக்குச் சீக்கிரம் மாத்திக் குடுங்க" என்று மின்வாரியத்துக்கு எழுதிய கடிதத்தை, எழுத்துத் தமிழில் மாற்றச் சொல்கிறார் முதலாளி. எங்கே தொடங்குவது?

பதில்: "நம்ம" என்ற சொல்லில் தொடங்குங்கள். மதுரைப் பக்கத்துப் பேச்சில் அது உறவைக் காட்டும் சொல். ஆனால் கடிதத்தில் "நமது பட்டறை" என்று எழுதினால், படிக்கும் பொறியாளரையும் அதற்கு உரிமையாளராகச் சேர்த்துக்கொண்டதாகப் பொருள்படும். "எங்கள் பட்டறை" என்பதே சரி.

அடுத்து, "யாரும் வந்து பாக்கல" என்பதை "யாரும் வந்து பார்க்கவில்லை" என்று மாற்றினாலும் குற்றச்சாட்டு அப்படியே நிற்கும். ஆளைச் சுட்டாமல் வேலையைச் சுட்டுங்கள்: "எங்கள் பட்டறையின் மீட்டர் 04.06 அன்று எரிந்துவிட்டது. அன்றே புகார் பதிவு செய்தோம். 14.06 வரை மீட்டர் மாற்றப்படவில்லை." தேதிகள் இருப்பதால் உங்கள் குறையின் கடுமை சிறிதும் குறையவில்லை. மின் இணைப்பு எண்ணையும் புகார் எண்ணையும் "பொருள்", "பார்வை" வரிகளில் குறிப்பிட்டால், கோப்பைத் தேடுபவருக்கு வேலை எளிதாகும்.

கேள்வி: "மாற்றித் தரவும்" என்று முடித்தால் போதுமே? அது எழுத்துத் தமிழ்தானே?

பதில்: எழுத்துத் தமிழ்தான், அதில் நீங்கள் சொல்வது சரி. ஆனால் "-வும்" என்ற முடிவு ஏவல் தன்மை உடையது. மேலதிகாரி கீழுள்ளவருக்கு எழுதும்போது பொருந்தும், வெளியிலிருந்து கோரிக்கை வைப்பவருக்குப் பொருந்தாது. "மாற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்" என்று முடியுங்கள். முதல் வரியில் "நான்" என்று தொடங்கியிருந்தால் "கேட்டுக்கொள்கிறேன்" என்றே முடிய வேண்டும். இந்த இடறலை நான் திருத்திய கடிதங்களில் அடிக்கடி கண்டிருக்கிறேன்.

கேள்வி: என் சிக்கல் வேறு. அந்த அலுவலகத்துப் பொறியாளர் என் தம்பியுடன் படித்தவர், எனக்கு இளையவர். அவருக்குத் "தாங்கள்" என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது.

பதில்: உங்கள் கடிதம் அவருக்குச் செல்லவில்லை, அவர் வகிக்கும் பதவிக்குச் செல்கிறது. நாளை அவர் மாறுதலாகிப் போனாலும் கோப்பு அங்கேயே இருக்கும். ஆகவே பெறுநர் பகுதியில் அவர் பெயரைத் தவிர்த்து, "உதவிப் பொறியாளர் அவர்கள்" என்று எழுதுங்கள். "தாங்கள்" என்று எழுதினால் வினையும் அதற்கேற்ப "அறிவீர்கள்" என்றிருக்க வேண்டும். இடையில் "வாங்க", "பாருங்க" கலந்தால் மரியாதை பாதியில் அறுந்துவிடும்.

கேள்வி: "தாழ்மையுடன்" என்ற சொல் இல்லாவிட்டால் மூத்த எழுத்தர்கள் குறையாக நினைக்க மாட்டார்களா?

பதில்: சிலர் நினைக்கக்கூடும், என்னுடன் பணியாற்றிய ஒருவர் அச்சொல் இல்லாத கடிதத்தை ஏற்கவே மாட்டார். கட்டணம் செலுத்தும் நுகர்வோர் "பணிவுடன்" என்று ஒருமுறை எழுதினால் போதும் என்பது என் கருத்து, ஆனால் அவர் இன்றுவரை அதை ஒப்புக்கொள்ளவில்லை.