‘எஸ் சார்’ போட்டது தவறா?

கேள்வி: ஒரு உதிரிபாக நிறுவனத்தில் சரக்கு அனுப்பும் பிரிவில் இருக்கிறேன். மேலாளர் வாட்ஸ்அப்பில் எது அனுப்பினாலும் ‘எஸ் சார்’, ‘ஓகே சார்’, ‘நோட்டட் சார்’ என்று உடனே பதில் போட்டுவிடுவேன். போன வாரம், ஓசூர் லோடு இன்னும் போகவில்லையா என்று ஆங்கிலத்தில் கேட்டார். ‘எஸ் சார்’ என்றேன். போய்விட்டதாக நினைத்து வாடிக்கையாளரிடம் சொல்லிவிட்டார். திட்டு எனக்கு. மரியாதையாகத்தானே பதில் சொன்னேன்?
‍– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: மரியாதையில் குறையே இல்லை, தம்பி. நீங்கள் தமிழில் நினைத்து ஆங்கிலத்தில் தட்டியதுதான் வினை. “போகவில்லையா?” என்றால் நாம் “ஆமாம்” என்போம், கேட்டவர் சொன்னது சரி, போகவில்லை என்று பொருள். ஆங்கிலத்தின் ‘எஸ்’ கேட்டவரின் சொல்லைப் பார்ப்பதில்லை, நடந்ததைப் பார்க்கிறது. லோடு போயிருந்தால்தான் ‘எஸ்’. போகவில்லை என்றால் ‘நோ’. நம் ஊர் அலுவலகங்களில் பாதிப் பேர் உங்களைப் போலவும் மீதிப் பேர் உங்கள் மேலாளரைப் போலவும் படிப்பார்கள். ஆகவே ‘இல்லையா’ என்று முடிகிற கேள்விக்கு ஒற்றைச் சொல்லில் பதில் போடவே போடாதீர்கள். “இன்னும் போகவில்லை சார், லாரி வரவில்லை. நாளைக் காலை 7 மணிக்குக் கிளம்பும்” என்று வினைச்சொல்லோடு எழுதுங்கள். தட்ட அரை நிமிடம்கூட ஆகாது.

‘நோட்டட்’ வேறு வகை. பார்த்துவிட்டேன் என்பதற்கு மேல் அதில் எதுவும் இல்லை. அந்த வேலையை நீல டிக் இரண்டும் ஏற்கெனவே செய்துவிடுகின்றன. நாளைய கூட்டம் 11 மணிக்கு மாறியது என்பது போன்ற தகவலுக்கு அது போதும். ஆனால் “சனிக்கிழமை 4 மணிக்குள் ஸ்டாக் பட்டியல் தர முடியுமா?” என்று கேட்டவருக்கு அதைப் போட்டால், நீங்கள் ஒப்புக்கொண்டதாக அவர் எடுத்துக்கொள்வார், நீங்களோ செய்தியைப் பார்த்ததாக மட்டும்தான் சொல்லியிருப்பீர்கள். “4 மணிக்குத் தருகிறேன் சார்” அல்லது “கிடங்கு எண்ணிக்கை மதியம்தான் முடியும், 6 மணி ஆகும் சார்” என்பதுதான் அவருக்குத் தேவை.

‘ஓகே சார்’ கட்டளைக்குப் பொருந்தும், கட்டளை ஒன்றாக இருக்கும்வரை. குழுவில் அவர் அடுத்தடுத்து மூன்று செய்தி போட்டிருக்க, அடியில் தனியாக ஓர் ‘ஓகே’ நின்றால் அது எதற்கு? எந்தச் செய்திக்குப் பதிலோ அதை வலப்பக்கம் இழுத்துவிட்டுத் தட்டினால், அது மேற்கோளாக மேலே நிற்கும். கட்டைவிரல் அடையாளம் போதுமா என்றால், அவரே பிறருக்கு அதைப் போடுகிறாரா என்று பாருங்கள். சிலருக்கு அது அலட்சியமாகப் படும்.

ஓசூர் விஷயத்தில், நீங்கள் ‘எஸ்’ என்றது எந்தப் பொருளில் என்பதை ஒருமுறை நேரில் சொல்லிவிடுங்கள். அடுத்த முறை அவரே “போனதா?” என்று கேட்கப் பழகிக்கொள்ளலாம்.