2 ரூபாய் கொயின் 40 ரூபாயானது எப்படி?

கேள்வி: உப்புவெளியில் இருந்து எழுதுகிறேன். நான் ஓர் ஆசிரியை. அடுத்த மாதம் எனது 6 இலட்சம் ரூபாய் நிலையான வைப்பு முதிர்கிறது. தம்பியின் நண்பர் ஒருவர் அதை எடுத்து டெலிகிராம் குழுவில் சொல்லப்படும் ஒரு புதிய கிரிப்டோ கொயினில் போடச் சொல்கிறார். சில மாதங்களில் 2 ரூபாயில் இருந்து 40 ரூபாய்க்கு வந்துவிட்டதாம். ஆள் சேர்த்தால் கமிஷனும் உண்டாம். கையில் பிடிக்க முடியாத ஒன்றுக்கு எப்படிப் பெறுமதி வருகிறது? விலை ஏன் இப்படித் துள்ளுகிறது?

பதில்: அந்த 6 இலட்சத்தை அதில் போடாதீர்கள். காரணத்தை விளக்க, அந்த 40 ரூபாய் என்ற எண் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்ப்போம்.

ஒரு கொயினின் விலை என்று திரையில் தெரிவது, கடைசியாக ஒருவர் இன்னொருவருக்கு விற்ற விலை மட்டுமே. மொத்தம் 1 கோடி கொயின் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கடைசி விற்பனை 40 ரூபாய்க்கு நடந்தால், செயலியில் 'மொத்தப் பெறுமதி 40 கோடி' என்று காட்டும். அந்த 40 கோடி எந்தப் பெட்டியிலும் இல்லை. வாங்கக் காத்திருப்பவர்களின் பட்டியலில் என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி. அதில் 10,000 கொயினுக்கு 39 ரூபாய், 15,000 கொயினுக்கு 37 ரூபாய், 20,000 கொயினுக்கு 32 ரூபாய், 30,000 கொயினுக்கு 25 ரூபாய் என்று ஆட்கள் நிற்கிறார்கள் என்போம். இப்போது ஒருவர் 60,000 கொயினை அவசரமாக விற்கிறார். முதல் மூன்று வரிசையும் முழுதாகக் காலியாகும், நான்காவதில் பாதி போகும். அவர் கைக்கு வருவது 19 இலட்சத்து 60 ஆயிரம் ரூபாய். கடைசி விற்பனை 25 ரூபாய்க்கு நடந்ததால், திரையில் மொத்தப் பெறுமதி 25 கோடியாகிவிடும். 20 இலட்சத்துக்கும் குறைவான ஒரு விற்பனையில் 15 கோடி மறைந்துவிட்டது. விற்றதோ மொத்தக் கொயினில் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை.

ஏற்றமும் இதே வழியில்தான் வருகிறது. விற்பவர்கள் குறைவாக இருக்கும்போது சில இலட்சம் ரூபாய் உள்ளே வந்தால் போதும், 2 ரூபாய் 40 ஆகும். உங்களைப் போன்ற ஒருவரின் 6 இலட்சமே அந்த விலையைத் தள்ளிவிடும் எரிபொருளாக இருக்கலாம். புதிய கொயின்களில் பெரும்பங்கைத் தொடங்கியவர்களே வைத்திருப்பது வழக்கம். நீங்கள் வாங்கும் நேரத்தில் உங்களுக்கு எதிரே நின்று விற்பவர் அவராக இருந்தால், ஏற்றத்தின் பணம் யார் கைக்குப் போகிறது என்பது தெளிவு.

இனிப் பெறுமதி. பிட்கொயினை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் அதன் விதிகள் எல்லோருக்கும் தெரிந்தவை. 2009இல் தொடங்கிய அந்தக் கணக்கேட்டை உலகெங்கும் உள்ள கணினிகள் சேர்ந்து காக்கின்றன. எவருடைய அனுமதியும் இல்லாமல் ஒருவர் இன்னொருவருக்கு அனுப்பலாம், எழுதியதை யாரும் அழிக்க முடியாது, மொத்தம் 2 கோடியே 10 இலட்சத்துக்கு மேல் வராது. இந்த மூன்றும் சிலருக்குத் தேவைப்படுகின்றன, அதற்காகக் காசு கொடுக்கிறார்கள். பெறுமதி என்பது அந்தத் தேவைதான். புதிய பிட்கொயினை உருவாக்கக் கணினிகள் போட வேண்டிய கடினமான கணக்குக்கு நிறைய மின்சாரம் செலவாகிறது, ஆகவே அந்தச் செலவுக்குக் கீழே விலை போகாது என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். விலை விழுந்தால் நட்டப்படும் கணினிக்காரர்கள் இயந்திரத்தை நிறுத்துவார்கள். ஏறத்தாழ இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, கணக்கேட்டின் பக்கங்கள் போன்ற 2,016 தொகுதிகள் எழுதி முடிந்ததும், கணக்கின் கடினத்தை வலையமைப்பு தானாகக் குறைத்துவிடும், செலவும் இறங்கிவிடும். செலவுதான் விலையின் பின்னால் போகிறது.

நமது ரூபாயும் வெறும் தாள்தானே என்று சிலர் கேட்பார்கள். 2022இல் 200 ரூபாயளவில் இருந்த டொலர் சில மாதங்களில் 360ஐத் தாண்டியதை நாம் எல்லோரும் அனுபவித்தோம், அதனால் அந்தக் கேள்வியில் நியாயம் உண்டு. ஆனால் வரி, சம்பளம், மின்கட்டணம் எல்லாமே ரூபாயில் இருப்பதால் நாளைக்கும் அது எல்லோருக்கும் தேவை. விழும்போது வட்டியை உயர்த்தித் தாங்கிப் பிடிக்க ஒரு மத்திய வங்கியும் இருக்கிறது. கொயினுக்கு அப்படி ஒரு கை இல்லை.

துள்ளலுக்கான முதற்காரணம், கணக்குப் போட ஒன்றும் இல்லாமைதான். ஒரு கடைக்கட்டடம் மலிவா என்று வாடகையை வைத்துச் சொல்லலாம், ஒரு கொம்பனிப் பங்கை அதன் இலாபத்தை வைத்துச் சொல்லலாம். பிட்கொயின் வாடகையும் தராது, வட்டியும் தராது. 2021 நவம்பரில் 69,000 டொலர் அளவுக்குப் போய், 2022 நவம்பரில் 16,000 டொலருக்கும் கீழே வந்தது. இடையில் எந்த விலையிலும் 'இது மலிவு' என்று எழுதிக் காட்டக்கூடிய கணக்கு எவரிடமும் இல்லை. மற்றவர் நாளை என்ன கொடுப்பார் என்ற ஊகம் மட்டுமே இருந்தது.

இரண்டாவது, வரத்து. மார்கழிக் காற்றில் படகு போகாவிட்டால் நமது சந்தையில் பாரை மீன் விலை ஏறும். அடுத்த நாள் வேறு கரையில் இருந்து லொறி வந்தால் இறங்கும். பிட்கொயினுக்கு அந்த லொறி வராது. 2024 ஏப்ரலுக்குப் பிறகு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 450 தான் புதிதாக வருகிறது, விலை இரட்டித்தாலும் அதே 450 தான். அதனால் கேட்பவர் கூடினாலும் குறைந்தாலும் முழு அடியும் விலையில்தான் விழுகிறது.

மூன்றாவது கடன். 1 இலட்சத்தை வைத்து 10 இலட்சத்துக்கு வாங்க அனுமதிக்கும் பரிமாற்றத் தளங்கள் உண்டு. விலை 10 வீதம் இறங்கினால் அப்படி வாங்கியவருடைய 1 இலட்சமும் முடிந்தது. அதற்குச் சற்று முன்பே தளம் அவரைக் கேட்காமல் விற்றுவிடும். அந்த விற்பனை நான் மேலே சொன்ன அதே பட்டியலில் இறங்கி, அடுத்த கடன்காரரையும் எல்லைக்குத் தள்ளும். 2020 மார்ச் 12ஆம் திகதி கொரோனா அச்சத்தில் தொடங்கிய விற்பனை இப்படிச் சங்கிலியாக ஓடி, பிட்கொயின் ஒரே நாளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விழுந்தது. உலகிலேயே அதிகம் பேர் வாங்கி விற்கும் கொயினுக்கே இந்த நிலை.

உங்களுக்குச் சொன்ன கொயினுக்கு அந்தத் தேவையோ விதிகளோ இருப்பதற்கான அடையாளம் ஒன்றும் உங்கள் கடிதத்தில் இல்லை. ஆள் சேர்த்தால் கமிஷன் என்பதைத்தான் பார்க்கிறேன். புதிதாகச் சேருபவரின் காசில் பழையவருக்குக் கொடுக்கும் பிரமிட் திட்டங்கள் இலங்கையின் வங்கிச் சட்டத்தில் தடைசெய்யப்பட்டவை. அதில் பத்துப் பேரைச் சேர்த்துவிட்டால் நீங்கள் வெறும் ஏமாந்தவராக மட்டும் இருக்க மாட்டீர்கள். இலங்கை மத்திய வங்கி கிரிப்டோவைச் செல்லுபடியான நாணயமாக ஏற்கவில்லை என்பதையும், கடன் அட்டை, டெபிட் அட்டையால் அதை வாங்க அனுமதி இல்லை என்பதையும் அறிவித்திருக்கிறது. அதனால்தான் இங்கே பலர் முகம் தெரியாத ஒருவரின் வங்கிக் கணக்குக்குக் காசு போட்டு வாங்குகிறார்கள். அந்தக் கணக்கு ஒரு மோசடி விசாரணையில் சிக்கினால் உங்கள் பெயரும் அதில் வரும்.

வைப்பு முதிர்ந்ததும் அதைப் புதுப்பியுங்கள். நகையை அடகு வைத்து இதில் போடச் சொன்னால் அதற்கும் வேண்டாம் என்றே சொல்லுங்கள். தம்பியின் நண்பர் விடாமல் வற்புறுத்தினால், அவர் வைத்திருக்கும் கொயினில் 10,000ஐ இன்றைக்கு விற்று, ரூபாய் அவருடைய வங்கிக் கணக்குக்கு வந்ததைக் காட்டச் சொல்லுங்கள். செயலியில் தெரியும் இலாபத்தைக் காட்டினால் ஏற்க வேண்டாம். விற்க முயலும்போது 'முதலில் வரி கட்டுங்கள்', 'இன்னொரு தொகை போட்டால்தான் எடுக்கலாம்' என்று தளம் கேட்டால், அங்கே போட்ட காசு இனி வராது. அவரும் மேலே ஒரு சதம்கூடக் கட்டாமல் உடனே பொலிஸில் முறையிட வேண்டும், பணம் அனுப்பிய பற்றுச்சீட்டுகளையும் டெலிகிராம் உரையாடல்களையும் அழிக்காமல் வைத்திருக்க வேண்டும்.