கை மிதந்து போகிறதா, மறைந்து போகிறதா?

கேள்வி: வி.ஆர். ஹெட்செட் போட்டு வாள் வீசும் விளையாட்டு ஆடுகிறேன். வேகமாக வீசும்போது வலது கை மட்டும் மறைந்து, இரண்டு விநாடி கழித்துத் திரும்புகிறது. மாலையானால் இரண்டு கைகளுமே தாமாக மிதந்து விலகுகின்றன. சென்சார் போய்விட்டதா?

பதில்: சென்சாரைச் சந்தேகிப்பதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். இவை இரண்டு தனித்தனிக் கோளாறுகள்.

முதலில் மிதப்பது. மெட்டா குவெஸ்ட் 2 போன்ற கருவிகளில் ஹெட்செட்டின் முகப்பில் இருக்கும் 4 கேமராக்கள், கன்ட்ரோலர் வளையத்துக்குள் ஒளிரும் அகச்சிவப்பு எல்.இ.டி. விளக்குகளைப் பார்த்துக் கையின் இடத்தை அறிகின்றன. அவை கண்ணில் படாதபோது கன்ட்ரோலருக்குள் இருக்கும் அசைவு உணரியை வைத்து ஊகிக்க வேண்டியதுதான். அந்த ஊகத்தின் சிறு பிழை நொடிக்கு நொடி பெருகும். கை நழுவிப் போகும்.

மாலையில் அறை விளக்கை அணைக்காதீர்கள். அறையின் மூலை, அலமாரி விளிம்பு போன்றவற்றைப் பார்த்துத்தான் ஹெட்செட் தன் இடத்தையே தெரிந்துகொள்கிறது. அதற்காக ஜன்னல் வெயிலில் ஆட வேண்டாம். வெயிலிலும் அகச்சிவப்பு ஒளி உண்டு. சீரியல் பல்புகளும் நிலைக்கண்ணாடியும் கேமராவைக் குழப்பும். அமைப்புகளில் டிராக்கிங் அலைவெண்ணைத் தேர்ந்தெடுக்கும் வசதி இருந்தால், நம் ஊர் மின்சாரத்துக்கு ஏற்ப 50 ஹெர்ட்ஸ் வையுங்கள்.

அழுக்கு விஷயத்தில் பலரும் தவறான கண்ணாடியைத் துடைக்கிறார்கள். கண்ணுக்கு எதிரே உள்ள லென்ஸில் கறை இருந்தால் காட்சிதான் மங்கும், டிராக்கிங் கெடாது. ஹெட்செட்டைப் பிடித்துக் கழற்றும்போது விரல் படுவது வெளியே உள்ள சின்னக் கேமராக்களில். அவற்றை உலர்ந்த மைக்ரோஃபைபர் துணியால் மெல்லத் துடைத்தால் போதும்.

இனி மறையும் வலது கை. நல்ல வெளிச்சத்தில், முகத்துக்கு நேரே, கேமராக்கள் முழுதாகப் பார்க்கும்படி கன்ட்ரோலரைப் பிடித்து, இடது உள்ளங்கையில் லேசாகத் தட்டுங்கள். அப்போதும் மறைந்தால் கேமரா மேல் பழி இல்லை. வீச்சில் ஏஏ பேட்டரி ஒரு கணம் சுருளை விட்டு விலகி, கன்ட்ரோலர் அணைந்து மறுபடி இணைகிறது. எனக்கும் ஒருமுறை இப்படித்தான். சார்ஜ் 80 சதவீதம் என்று காட்டியதால் பேட்டரியை நினைக்கவே இல்லை.

பேட்டரியை எடுத்துப் பாருங்கள். முனைகளில் வெள்ளையோ பச்சையோ பூத்திருந்தால் ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் சற்றே நனைத்த பஞ்சுக்குச்சியால் துடைத்து, நன்றாக உலரவிடுங்கள். அமுங்கிப்போன சுருளை நகத்தால் இம்மியளவு வெளியே இழுத்துவிடலாம். பேட்டரி உள்ளே ஆடினால் மூடிக்கும் அதற்கும் இடையே மடித்த காகிதத்துண்டு வையுங்கள். அலுமினியத் தாளைவிட இது நல்லது, ஷார்ட் ஆகாது.

இதன் பிறகும் வலது கை மட்டும் மிதந்தால், இருட்டில் செல்போனின் முன்பக்கக் கேமரா வழியாக இரண்டு வளையங்களையும் பாருங்கள். இடதில் தெரியும் ஒளிப்புள்ளிகள் வலதில் குறைந்திருந்தால், சர்வீஸுக்குக் கொடுக்க வேண்டியது அந்தக் கன்ட்ரோலரைத்தான்.